பால் பவுடருக்கு ஏன் 70 டிகிரி வெந்நீர்?

சீல் உடைக்காத டின்னில் இருக்கும் குழந்தைப் பால் பவுடரும் கிருமி அறவே இல்லாதது அல்ல. குரோனோபாக்டர், சால்மொனெல்லா போன்ற பாக்டீரியாக்கள் எப்போதாவது அதில் இருக்கக்கூடும். ஈரமில்லாத பவுடரில் அவை பெருகாது, சாகாமலும் கிடக்கும். வெதுவெதுப்பான நீரில் கலந்ததும் பெருகத் தொடங்கும். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுக்கும் குறைமாதக் குழந்தைகளுக்கும் அது மூளைக்காய்ச்சல்வரை கொண்டுபோகலாம்.

பல வீடுகளில் தண்ணீரைக் கொதிக்கவைத்து, நன்றாக ஆறியபிறகு பவுடரைக் கலக்கிறார்கள். இதில் தண்ணீர் சுத்தமாகிறதே தவிர, பவுடரில் உள்ள கிருமி சாவதில்லை. அதனால்தான் கலக்கும்போது நீர் 70 டிகிரி செல்சியஸுக்குக் குறையக்கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். தெர்மாமீட்டர் இல்லாவிட்டால், ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து இறக்கி, மூடிவைத்து, அரை மணி நேரத்துக்குள் பயன்படுத்தலாம். தண்ணீரின் அளவு குறைந்தால் இன்னும் சீக்கிரம் ஆறிவிடும். சில டின்களில் வெதுவெதுப்பான நீர் என்றே அச்சிட்டிருக்கும். அப்போது குழந்தை மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

ஒரு வேளைக்கு 120 மில்லி பால் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். டின்னில் 30 மில்லிக்கு ஒரு கரண்டி என்று இருந்தால், கொதிக்கவைத்து எடுத்த புட்டியில் முதலில் 120 கோடுவரை வெந்நீர் ஊற்ற வேண்டும். பிறகு டின்னோடு வந்த கரண்டியால், தலைதட்டி நான்கு கரண்டி பவுடர் போட வேண்டும். பவுடரை முதலில் போட்டுவிட்டு 120 கோடுவரை நீர் ஊற்றினால், நீரின் அளவு குறைந்து பால் கெட்டியாகிவிடும். அது மலச்சிக்கலையும் நீரிழப்பையும் உண்டாக்கலாம். நீர்த்த பாலில் போதிய சத்து இருக்காது. மூடிக் குலுக்கியபின், மூடிக்குக் கீழே நிற்கும் அளவு குளிர்ந்த நீரில் புட்டியை வைத்து ஆற்ற வேண்டும். மணிக்கட்டின் உட்புறத்தில் ஒரு சொட்டு விட்டால் சூடு தெரியக்கூடாது.

கலந்த பாலை உடனே கொடுப்பதே சிறந்தது. அறையில் வைத்த பாலின் ஆயுள் இரண்டு மணி நேரம். குழந்தை வாய்வைத்த புட்டியில் எச்சில் கலந்துவிடுவதால், மீதியை எடுத்துவைக்காமல் கொட்டிவிட வேண்டும். பிறகு தேவைப்படும் பாலை, கலந்தவுடனே ஆற்றி, ஃபிரிட்ஜின் கதவில் அல்லாமல் உள்பக்கத்தில், 5 டிகிரிக்கு மேற்படாமல் வைத்தால் 24 மணி நேரம்வரை வைத்திருக்கலாம். எடுத்ததும் வெந்நீரில் வைத்துச் சூடாக்கலாம். ஆனால் 15 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். மைக்ரோவேவில் சூடு சீராகப் பரவாது, வாய் வெந்துவிடும். சூடாக்கிய பாலை மறுபடி ஃபிரிட்ஜில் வைக்கக்கூடாது.

வெளியூர்ப் பயணத்தில் கலந்த பாலை எடுத்துச் செல்வதைவிட, கொதிநீரை நல்ல ஃபிளாஸ்கிலும் அளந்த பவுடரைச் சுத்தமான உலர்ந்த டப்பாவிலும் தனித்தனியே கொண்டுபோய், வேண்டியபோது கலக்கலாம்.

கிருமி பெருகிய பாலின் மணமும் நிறமும் மாறாமலே இருக்கக்கூடும். எப்போது கலந்தது என்று சந்தேகம் வந்தால் கொட்டிவிடுங்கள்.