நோன்பு வைப்பீங்களா என்று கேட்பது எப்படி?

ரமலான் நெருங்கும்போது சர்க்கரை நோய் மருத்துவர்கள் பலர் வழக்கமாகச் சொல்வது, "உங்களுக்குச் சர்க்கரை இருக்கு, நோன்பெல்லாம் வேண்டாம்." நோயாளி தலையாட்டிவிட்டு வந்து, நோன்பு வைத்துவிடுவார். 2001இல் 13 நாடுகளில் நடந்த எபிடையர் என்ற ஆய்வில், இரண்டாம் வகைச் சர்க்கரை நோயுள்ள முஸ்லிம்களில் 79 விழுக்காட்டினர் குறைந்தது 15 நாட்களாவது நோன்பிருந்ததாகத் தெரியவந்தது. அதாவது, மருத்துவரின் தடையால் நோன்பு நிற்பதில்லை. அதைப் பற்றிய பேச்சுதான் நின்றுபோகிறது. மாத்திரையை எப்போது போடுவது என்பதை நோயாளியே ஒரு கணக்கில் முடிவு செய்துகொள்கிறார்.

மேலப்பாளையத்தில் 58 வயது அம்மா ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் காலையும் இரவும் சாப்பிடுகிறார். கிளிமிபிரைடு காலையில் 2 மில்லிகிராம், இரவில் 1. சஹர் உணவோடு காலை மாத்திரைகளை அப்படியே விழுங்கிவிட்டால், அடுத்த பதின்மூன்று மணி நேரத்துக்கு மேல் வயிற்றில் எதுவும் விழாது. ஆனால் கிளிமிபிரைடு இன்சுலினைச் சுரக்கவைத்துக்கொண்டே இருக்கும். அஸர் தொழுகை நேரத்தில் கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும். 'நோன்புக் களைப்பு' என்று படுத்துவிடுவார். அது களைப்பல்ல, சர்க்கரை இறங்குகிறது.

இதைத் தடுக்கும் வேலை ரமலானுக்கு ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு முன்பே, ஒரு கேள்வியில் தொடங்குகிறது. "நோன்பு வைக்க மாட்டீங்கல்ல?" என்று கேட்டால் பதிலையும் மருத்துவரே சொல்லிவிட்ட மாதிரி. "நோன்பு வருதேம்மா, இந்த வருஷம் என்ன நினைச்சிருக்கீங்க? போன வருஷம் எப்படிப் போச்சு?" என்று கேட்டால் உண்மை வெளியே வரும். இருபது நோன்பு வைத்ததும், இரண்டு தடவை மயக்கம் வந்ததும், வீட்டில் யாரிடமும் சொல்லாததும் இதில்தான் தெரியும். பெயரையும் உடையையும் பார்த்து ஊகிப்பதிலும் அர்த்தமில்லை. ஒரே வீட்டில் அக்கா முப்பதும் வைப்பார், தங்கை முடியாது என்று ஃபித்யா கொடுத்துவிடுவார்.

பதில் கிடைத்தபின் மருந்து மாறும். காலையில் போட்ட 2 மில்லிகிராம் கிளிமிபிரைடு இஃப்தாருக்குப் போகும். இரவு மாத்திரை சஹருக்கு வரும், சர்க்கரை கட்டுக்குள் இருந்தால் அதையும் மருத்துவர் குறைப்பார். மெட்ஃபார்மின் இரு வேளையும் அதே அளவில் தொடரும். ரத்தச் சர்க்கரை 70க்குக் கீழே இறங்கினாலோ 300க்கு மேல் ஏறினாலோ, மஃக்ரிபுக்குப் பத்து நிமிடமே இருந்தாலும் நோன்பை முறித்துவிட வேண்டும். விரலில் குத்திப் பார்த்தால் நோன்பு முறியும் என்று பயந்து சோதிக்காதவர்கள் நிறைய. முறியாது என்பதே மார்க்க அறிஞர்களின் பரவலான கருத்து. மருத்துவர் சொல்லி நம்பாதவர், பள்ளிவாசல் இமாம் சொன்னால் நம்புவார்.

சாப்பாட்டிலும் தடை போடுவதைவிடக் கேட்பது பயன் தரும். நோன்புக் கஞ்சி எத்தனை கிண்ணம், கூட வடையா சமோசாவா, சர்பத்தில் சர்க்கரை எவ்வளவு? கஞ்சியை விடச் சொன்னால் யாரும் விடப்போவதில்லை. சர்பத்தை விட்டுக் கஞ்சியை ஒரு கிண்ணத்தோடு நிறுத்தலாம் என்றால் பேசவாவது இடமிருக்கிறது.

அறையில் இன்னொருவர் இருப்பார், மகன். எல்லாக் கேள்விக்கும் அவரே பதில் சொல்வார். அவரை வெளியே அனுப்பினால் அம்மாவுக்கே சங்கடம். அவரிடம் மட்டும் பேசினாலோ மயக்கம் வந்த கதை வராது. "உங்க உடம்பைப் பத்தி உங்ககிட்ட மட்டும் பேசட்டுமாம்மா, தம்பியும் இருக்கட்டுமா?" என்று அவரிடமே கேட்டுவிடலாம். 'அவனும் இருக்கட்டும், அவங்க வாப்பாகிட்டயும் சொல்லணும்' என்றால் அதுவும் அவருடைய முடிவுதான். கால் பரிசோதனையின்போது மகன் எப்படியும் வெளியே போவார், தனியாகக் கேட்க அதுவே வாய்ப்பு. அந்தப் பரிசோதனைக்கும் முன்கூட்டியே சொல்ல வேண்டும்: "பாதத்தில உணர்ச்சி இருக்கான்னு பார்க்கணும், கணுக்கால் வரைக்கும் போதும். சிஸ்டர் பார்க்கட்டுமா?" எவ்வளவு தெரியவேண்டும் என்று சொல்லாமல் விட்டால் காலுறையைக் கழற்றாமலே பல வருடங்கள் ஓடிவிடும், புண் இருப்பது தெரியாது. புர்காவின் தடித்த கைக்கு மேலேயே பட்டையைச் சுற்றி எடுக்கும் ரத்த அழுத்தமும் சரியாக இருக்காது.

சிலரிடம் வேண்டாம் என்றுதான் சொல்ல வேண்டும். இன்சுலின் போடும் கர்ப்பிணிகள், டயாலிசிஸில் இருப்பவர்கள், கடந்த மூன்று மாதத்தில் சர்க்கரை கடுமையாக இறங்கியவர்கள் இதில் அடங்குவார்கள். நோயாளிக்கு மார்க்கத்திலேயே சலுகை உண்டு. பிறகு குணமானால் விட்டதை நிறைவேற்றலாம், நாள்பட்ட நோயென்றால் ஒவ்வொரு நோன்புக்கும் ஓர் ஏழைக்கு உணவளிக்கலாம். 'வைக்காதே' என்பதோடு நிறுத்தாமல் இதையும் சேர்த்துச் சொன்னால் குற்றவுணர்வு குறைகிறது.

பெருநாளன்று மாத்திரைகள் பழைய நேரத்துக்குத் திரும்ப வேண்டும். ஆனால் ஷவ்வால் மாதத்து ஆறு நோன்பையும் பலர் வைப்பார்கள். பெருநாளுக்குப் பின் வரும்போது "ஆறு நோன்பும் உண்டா?" என்று கேட்டுக்கொண்டால், அந்த நாட்களுக்கும் ரமலான் சீட்டையே பயன்படுத்தச் சொல்லிவிடலாம்.