மிக்ஸி படத்தில் ஒரு பொத்தான் குறைகிறது

படம் அழகாகத்தான் இருந்தது. ஜன்னலோரம் ஒரு சமையல் மேடை, பக்கத்தில் தக்காளிக் கூடை, நடுநாயகமாக ஒரு மிக்ஸி. மிக்ஸியின் கீழே பூவேலை செய்த துணி. விளக்கக் கையேட்டின் முதல் பக்கத்துக்காக வரையப்பட்டது. அந்தக் கையேட்டைத் தமிழாக்கும் வேலை என்னுடையது. படத்தை வரைந்தவர் தில்லி சித்தரஞ்சன் பார்க்கில் வசிக்கும் வங்காளி ஓவியர், என் நீண்ட நாள் நண்பர்.

மூன்றாவது பக்கத்தை மொழிபெயர்க்கும்போதுதான் உறைத்தது. 'மிக்ஸியைத் துணி மீது வைத்து இயக்காதீர்கள்' என்கிறது வாசகம். முதல் பக்கத்திலேயே துணி! உற்றுப் பார்த்தால் வேறு தவறுகளும் தெரிந்தன. பெரிய ஜாரின் அடிப்பாகம் அகலமாகவும் சட்னி ஜாரின் அடிப்பாகம் சிறுத்தும் இருந்தன. திருகு குமிழில் 0, 1, 2, 3 மட்டும், பல்ஸ் இல்லை.

"வீட்டுக்கு வாருங்கள். நிஜ மிக்ஸியைப் பார்த்தே திருத்திவிடலாம்" என்றார் நண்பர்.

ஞாயிற்றுக்கிழமை காலை. அளவுநாடாவை எடுத்து வைத்துக்கொண்டு மேடை முன் நின்றோம். மூன்று ஜார்கள்: ஒன்றரை லிட்டர், ஒரு லிட்டர், 400 மில்லி. மூன்றையும் வரிசையாகக் கவிழ்த்ததும் நண்பர் தலையில் கைவைத்தார். உயரமும் வாயகலமும் வேறு வேறு. ஆனால் அடிப்பாகம் மூன்றுக்கும் ஒன்றே. எல்லாமே ஒரே மோட்டார் தலையில் உட்கார வேண்டுமே! பெரிய ஜாரை வைத்தால் அதுவும் கீழே உள்ள உடற்பகுதியும் ஏறக்குறைய சம உயரம். மூடியோடு சேர்ந்து ஒன்றரை அடியைத் தொடுகிறது. சட்னி ஜாரை வைத்தாலோ உடல் பெரிதாகவும் தலை சிறிதாகவும் தெரிகிறது. ஓவியர் கண்ணுக்கு அது விகாரம். அதனால்தான் படத்தில் சட்னி ஜாரை உயர்த்தி, அடியைக் குறுக்கியிருக்கிறார்.

இந்தக் கனத்த உடல் நம் நாட்டு மிக்ஸிக்கே உரியது. 1960களில் பம்பாயில் சீமென்ஸ் நிறுவனத்தில் இருந்த பொறியாளர் சத்ய பிரகாஷ் மாத்தூர், வீட்டில் இருந்த ஜெர்மன் மிக்ஸி இந்திய அரைப்புக்குத் தாங்காமல் போனதைக் கண்டு, தானே ஒன்றை உருவாக்கத் தொடங்கினார். சுமீத் மிக்ஸி அப்படிப் பிறந்ததுதான். பழச்சாறுக்குச் செய்த இயந்திரத்தில் மஞ்சளும் ஊறிய பருப்பும் போட்டால் அது என்ன செய்யும்?

அடுத்து குமிழ். நடுவில் 0. வலப்பக்கம் திருப்பினால் 1, 2, 3. கையை எடுத்தாலும் அங்கேயே நிற்கும். இடப்பக்கம் திருப்பினால் பல்ஸ். பிடித்திருக்கும் வரை பெரும்பாலும் முழு வேகத்தில் சுற்றும். விட்டதும் உள்ளேயுள்ள சுருள்வில் குமிழை 0க்குத் தள்ளிவிடும். (முதல் வரைவில் இந்தச் சொல்லை நான் 'பருப்பு' என்று மொழிபெயர்த்திருந்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் எழுத்துகூட மாறுவதில்லை. அகராதியை நம்பியவனுக்குச் சமையலறைதான் திருத்தம் போட்டது.)

பல்ஸ் எதற்கு என்பதை நண்பரின் மனைவி செய்து காட்டினார். பௌதி என்று நாங்கள் அழைக்கும் அவர் மீன் குழம்புக்குக் கடுகு அரைக்க வேண்டியிருந்தது. மஞ்சள் கடுகு இரண்டு மேசைக்கரண்டி, கறுப்பு ஒன்று; இருபது நிமிடம் ஊறியது. கூடவே இரண்டு பச்சை மிளகாய், ஒரு சிட்டிகை உப்பு. சட்னி ஜாரில் போட்டு இடப்பக்கம் ஒரு திருப்பு, விட்டார். மறுபடி ஒரு திருப்பு. இத்தனை கொஞ்சம் போட்டால் கடுகு பிளேடின் மேலேறி ஜாரின் சுவரில் ஒட்டிக்கொள்கிறது. பிளேடு வெறுங்காற்றில் சுற்றுவதைச் சத்தமே சொல்லிவிடும். கீச்சென்று மேலே போகும். மூடியைத் திறந்து கரண்டியால் வழித்து இறக்கி, இரண்டு கரண்டி தண்ணீர் விட்டார். ஏழெட்டுத் திருப்பில் விழுது தயார். "மூன்றில் வைத்துவிட்டு நின்றால் சூடேறும், கசக்கும்" என்றார். மூலையில் அம்மிக்கல் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. கடுகுக்கு இன்னும் அதுவே மேல் என்பது அவர் மாமியாரின் கட்சி.

விபத்து அடுத்த அரைப்பில் நேர்ந்தது. வடைக்கு ஊறிய கடலைப்பருப்பு. ஒரு லிட்டர் ஜாரில் முக்கால் அளவுக்கு மேல் நிரப்பி, வடை தட்டை வர வேண்டுமே என்று தண்ணீர் விடாமல், 'கெட்டியான சரக்கு, மெதுவாகப் போகட்டும்' என்று 1ல் வைத்தார். இம்முறை சத்தம் மேலே போகவில்லை, அடித்தொண்டையில் முனகியது. ஒரு நிமிடத்துக்குள் சூடான வாடை. பிறகு நிசப்தம்.

"கரண்ட் போய்விட்டது" என்றார் பௌதி. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

குமிழை 0க்குத் திருப்பி, பிளக்கைப் பிடுங்கி, ஜாரை எடுத்துவிட்டு மிக்ஸியைச் சாய்த்துப் பார்த்தோம். அடியில் காற்றுத் துளைகள். நாலு ரப்பர் கால்கள். ஓரத்தில் சுண்டுவிரல் நுனி அளவு சிவப்புப் பொத்தான். மோட்டார் அளவுக்கு மீறி மின்சாரத்தை இழுத்தால் இது இணைப்பைத் துண்டித்துவிடும். பத்து வருடமாக இந்த மிக்ஸியை வைத்திருப்பவர் அதை அன்றுதான் பார்த்தார்.

ஏன் துண்டித்தது? பிளேடைச் சரக்கு இறுக்கிப் பிடிக்கப் பிடிக்க மோட்டாரின் வேகம் குறையும், குறைந்தால் அது இழுக்கும் மின்சாரம் கூடும், சூடேறும். மோட்டாரைக் குளிர்விக்கும் விசிறியோ அதே தண்டில்தான் இருக்கிறது. மோட்டார் மெதுவானால் விசிறியும் மெதுவாகும். ஆக, கெட்டிச் சரக்கை 1லேயே வைத்திருப்பது கருணை போலத் தோன்றினாலும், மோட்டாருக்கு மூச்சை அடைக்கிறது. போதாததற்குக் கீழே பூவேலைத் துணி. ஆம், படத்தில் இருந்த அதே துணி! நண்பர் கற்பனை செய்யவில்லை. தன் வீட்டு மேடையை அப்படியே வரைந்திருக்கிறார். ரப்பர் கால்கள் அதில் அமுங்க, துணி மேலெழுந்து காற்றுத் துளைகளை மூடியிருந்தது.

பொத்தானை உடனே அழுத்தினார் நண்பர். நிற்கவில்லை, திரும்ப வெளியே வந்தது. சூடு தணிய வேண்டும். தேநீர் குடித்துப் பத்து நிமிடம் கழித்து அழுத்தியபோது 'க்ளிக்'கென்று உட்கார்ந்தது. துணியை எடுத்தாயிற்று. பருப்பை இரண்டு பங்காக்கி, முதலில் பல்ஸில் நாலு திருப்பு, வழித்துவிட்டு இன்னும் நாலு, பிறகு இரண்டு கரண்டி தண்ணீரோடு 2ல் அரை நிமிடம். முனகல் இல்லை. வடைக்குப் பழுதுமில்லை. பல மிக்ஸிகளின் பெயர்த்தகட்டில் ஐந்து நிமிடம் ஓட்டி இரண்டு நிமிடம் நிறுத்தச் சொல்லி அச்சிட்டிருப்பார்கள். அதைக் குனிந்து படிப்பவர் யார்?

பொத்தான் மறுபடி மறுபடி வெளியே வந்தால், அதுவும் ஜார் காலியாக இருக்கும்போதே வந்தால், அழுத்திக்கொண்டிருக்கக் கூடாது. மோட்டாரிலேயே கோளாறு, கடைக்குக் கொண்டுபோக வேண்டியதுதான்.

சாயங்காலம் நண்பர் புதிய படம் வரைந்தார். சட்னி ஜார் குட்டையாக, அடி மட்டும் மற்றவற்றின் அளவுக்கு அகலமாக. குமிழில் 0க்கு இடப்புறம் பல்ஸ். மேடை வெறும் கல். சிவப்புப் பொத்தான் நேரே பார்த்தால் தெரியாது என்பதால், மூலையில் ஒரு சிறு கட்டத்தில் மிக்ஸியைச் சாய்த்துக் காட்டினார். அந்தக் கட்டத்துக்கு நான் எழுதிய வரி: 'மிக்ஸி நின்றால் பிளக்கைப் பிடுங்குங்கள், சரக்கைக் குறையுங்கள், சூடு ஆறிய பின் இதை அழுத்துங்கள்.'

பூவேலைத் துணி இப்போது அம்மிக்கல்லின் மேல் கிடக்கிறது.