எத்தனை ரூம் போனது, என்ன வாடகைக்குப் போனது?

சின்ன லாட்ஜ் வைத்திருப்பவர்கள் காலையில் காபி குடித்துக்கொண்டே ரிசப்ஷனுக்குப் போன் போட்டுக் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். "நேத்து எவ்வளவுப்பா?" மறுமுனையிலிருந்து பதிலும் ஒரே வரியில் வரும். "பதினொரு ரூம் சார், கலெக்‌ஷன் பதினாலாயிரத்து எழுநூத்து அறுபது." முதலாளி மனசுக்குள்ளேயே வகுத்துப் பார்ப்பார். ரூமுக்குச் சராசரி ஆயிரத்து முந்நூற்று நாற்பது ரூபாய் வருகிறது. பரவாயில்லையே என்று அடுத்த வேலைக்குப் போய்விடுவார்.

அந்தச் சராசரி தப்பு. எங்கே தப்பு என்று பார்க்க, திருவண்ணாமலையில் இருபது ரூம் உள்ள ஒரு லாட்ஜைக் கற்பனை செய்துகொள்வோம். எட்டு ஏ.சி. ரூம், வாடகை 1,600 ரூபாய். பன்னிரண்டு நான் ஏ.சி., வாடகை 900. வரி தனி. நாள், கூட்டமில்லாத ஒரு செவ்வாய்க்கிழமை.

அன்று போன ஏ.சி. ரூம் நான்கு. நேரில் வந்தவர்களுக்கு இரண்டு, ஆன்லைன் தளம் வழியாக ஒன்று, மாதாமாதம் வரும் மருந்துக் கம்பெனி பிரதிநிதிக்கு 1,400 ரூபாய்க்கு ஒன்று. மொத்தம் 6,200. நான் ஏ.சி. ஏழு போனது. அதில் ஐந்து முழு வாடகைக்கு, இரண்டு பழைய வாடிக்கையாளர்களுக்கு 800 வீதம். மொத்தம் 6,100. ஆக, ரூம் வாடகை வருமானம் 12,300. அதைப் பதினொன்றால் வகுத்தால் சராசரி 1,118 ரூபாய். முதலாளி மனசில் போட்ட கணக்கைவிட இருநூறு ரூபாய்க்கு மேல் குறைவு.

வித்தியாசம் கலெக்‌ஷன் என்ற சொல்லுக்குள் இருக்கிறது. கல்லாவில் விழுந்த 14,760 ரூபாயில் ஐந்து சதவீத ஜி.எஸ்.டி. இருக்கிறது, அது அரசாங்கத்தின் பணம். இரண்டு எக்ஸ்ட்ரா பெட்டுக்கு வாங்கிய 500 இருக்கிறது. வரப்போகும் பௌர்ணமிக்கு மூன்று ரூமுக்கு வாங்கிய அட்வான்ஸ் 3,000 இருக்கிறது. அது இன்னும் விற்காத ரூமின் காசு. அதே சமயம் ஆன்லைனில் வந்தவர் தளத்துக்கே பணம் கட்டிவிட்டதால் அவருடைய 1,600 கல்லாவுக்கு வரவே இல்லை. கலெக்‌ஷன் நோட்டு பண நடமாட்டத்தைச் சொல்லும். அன்றைய வியாபாரம் எப்படி இருந்தது என்று அதைக் கேட்டால் தப்பான பதில்தான் வரும். இரண்டுக்கும் தனித்தனிப் பக்கம் வேண்டும்.

ஹோட்டல்காரர்கள் தினமும் பார்க்கும் எண்கள் மூன்று. முதலாவது ஆக்குபன்சி: இருபதில் பதினொன்று, அதாவது 55 சதவீதம். இரண்டாவது ஏ.டி.ஆர். என்கிற சராசரி ரூம் வாடகை, 1,118. மூன்றாவதை ரெவ்பார் என்பார்கள். ரூம் வருமானத்தைப் போன ரூம்களால் வகுக்காமல், இருக்கிற எல்லா ரூம்களாலும் வகுப்பது. 12,300-ஐ இருபதால் வகுத்தால் 615 ரூபாய். காலியாகக் கிடந்த ஒன்பது ரூமையும் சேர்த்து, தலைக்கு இவ்வளவு என்று அர்த்தம்.

இந்த மூன்றாவது எண் ஏன் வேண்டும் என்பது ஒரு சின்ன விஷயத்தில் தெரியும். அன்று முதலாளியின் சொந்தக்காரர் ஒருவர் காசில்லாமல் ஒரு ரூமில் தங்கியிருந்தார். அதையும் ரிசப்ஷன்காரர் 'போன ரூம்' என்று எழுதினால் ஆக்குபன்சி 60 சதவீதமாக ஏறும், சராசரி வாடகை 1,025-ஆக இறங்கும். முதல் எண்ணைப் பார்த்தால் சந்தோஷம், இரண்டாவதைப் பார்த்தால் கவலை. நடந்தது என்னவோ ஒன்றுதான். ரெவ்பார் மட்டும் 615-லேயே நிற்கும், ஏனென்றால் ஓசி ரூம் வருமானத்தையும் கூட்டாது, மொத்த ரூமையும் குறைக்காது. ஓசி ரூமைத் தனி வரியில் எழுதிவிட்டால் முதல் இரண்டு எண்களும் ஒழுங்காகிவிடும்.

ரிப்பேர் ரூமிலும் இதே விளையாட்டு உண்டு. பாத்ரூம் ஒழுகுகிறது என்று ஒரு ரூமைப் பூட்டி வைத்திருந்தால், மேனேஜர் அதைக் கழித்துவிட்டுப் பத்தொன்பதில் பதினொன்று என்று கணக்கு காட்டுவார். சதவீதம் 58-ஆகிவிடும். என் அபிப்பிராயத்தில் சின்ன லாட்ஜ்காரர் அதைக் கழிக்கவே கூடாது. பேங்க் தவணை இருபது ரூமுக்கும்தான் ஓடுகிறது. கழித்துவிட்டால் பிளம்பரைக் கூப்பிடும் அவசரம் யாருக்கும் வராது.

ஆன்லைன் ரூமின் கதை வேறு. தளத்துக்குக் கமிஷன் 18 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 1,600-க்கு 288 ரூபாய். அந்தக் கமிஷன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. இன்னொரு 52. கைக்கு வருவது 1,260. ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரையுள்ள ரூம்களுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் வரி 12 சதவீதத்திலிருந்து ஐந்தாகக் குறைந்தது. கூடவே உள்ளீட்டு வரிச் சலுகையும் போனது. அதனால் அந்த 52 ரூபாயைத் திரும்ப எடுக்க வழியில்லை. இப்போது பாருங்கள்: பேரம் பேசி 1,400-க்கு ரூம் எடுத்த மருந்துக் கம்பெனிக்காரர், முழு வாடகை கொடுத்த ஆன்லைன் விருந்தாளியைவிட 140 ரூபாய் அதிகம் தந்திருக்கிறார். "அவருக்கு டிஸ்கவுண்ட் கொடுத்தே பழக்கிட்டோம்" என்று அலுத்துக்கொள்ளும் முதலாளி இந்த வரியை ஒருமுறை எழுதிப் பார்க்க வேண்டும். ஆன்லைன் ரூம்களுக்குப் பட்டியல் வாடகை, கைக்கு வருவது என இரண்டு கட்டம் போட்டால் போதும்.

இனி பௌர்ணமி. திருவண்ணாமலையில் பதினான்கு கிலோமீட்டர் கிரிவலம் சுற்ற வருகிறவர்கள் சாயங்காலம் ரூம் போட்டு, பையை வைத்துவிட்டு, இரவெல்லாம் நடந்து, விடியற்காலையில் வந்து குளித்து, எட்டு மணிக்குள் கிளம்பிவிடுவார்கள். நம் லாட்ஜில் அன்று ஏ.சி. 3,000, நான் ஏ.சி. 1,800. இருபதும் போய்விட்டது. வருமானம் 45,600, சராசரி 2,280. காலையில் காலியான நான் ஏ.சி. ரூம்களில் ஆறை, கோயிலுக்கு வந்த குடும்பங்களுக்குக் குளித்துக் கிளம்பும்வரை என்று 600 ரூபாய் வீதம் விட்டார்கள். இன்னொரு 3,600.

இப்போது இருபது ரூம் உள்ள லாட்ஜில் இருபத்தாறு ரூம் போயிருக்கிறது. ஆக்குபன்சி 130 சதவீதம்! சராசரி வாடகை 1,892-ஆக விழுந்துவிட்டது. கூடுதலாகச் சம்பாதித்த நாளில் சராசரி குறைந்ததைப் பார்த்து, காலை நேர வியாபாரமே வேண்டாம் என்று யாராவது முடிவெடுத்தால் 3,600 ரூபாய் நஷ்டம். ரெவ்பாரைப் பார்த்தால் அது 2,280-லிருந்து 2,460-ஆக ஏறியிருக்கும். சில மணி நேர வாடகையைத் தனி வரியில் எழுதி, ராத்திரி வாடகையின் சராசரியோடு கலக்காமல் வைப்பதுதான் சரி.

இதற்கு முன்பே தீர்மானிக்க வேண்டியது ஒன்று உண்டு: லாட்ஜின் நாள் எப்போது தொடங்குகிறது? நம்மூரில் இருபத்து நான்கு மணி நேர செக்-அவுட் வழக்கம் என்பதால் ஒருவர் விடிகாலை நான்கு மணிக்கு வருவார், மறுநாள் நான்கு மணிக்குப் போவார். அவரை நேற்றில் எழுதுவதா, இன்றிலா? இரவு டியூட்டிக்காரர் ஒரு பக்கத்திலும் காலை டியூட்டிக்காரர் இன்னொரு பக்கத்திலும் எழுதினால் ஒரே வாடகை இரண்டு தடவை ஏறிவிடும். காலை ஆறு மணி என்று ஒரு கோடு போட்டு, ஒவ்வொரு வாடகையும் அது தொடங்கும் நாளில் ஒரே ஒரு முறை என்று வைத்துக்கொண்டால் குழப்பம் தீரும். ஆறு மணியே வேண்டும் என்றில்லை. மாற்றிக்கொண்டே இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

மாதக் கடைசியில் கூட்டும்போது இன்னொரு பள்ளம். அந்தச் செவ்வாயின் சராசரி 1,118, பௌர்ணமியின் ராத்திரிச் சராசரி 2,280. இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் 1,699 வரும். ஆனால் உண்மையில் 31 ரூம்கள் 57,900 ரூபாய்க்குப் போயிருக்கின்றன, சராசரி 1,868. சராசரிகளைச் சராசரி எடுக்கக் கூடாது. மொத்த வருமானத்தை மொத்தமாகப் போன ரூம்களால்தான் வகுக்க வேண்டும்.

அப்படிச் சரியாக வகுத்தாலும் மாத எண் முழு உண்மையைச் சொல்லாது. இரண்டு பௌர்ணமி நாள்களின் கூட்டம், சாதாரண நாள்களின் வெறுமையை மூடிவிடும். பௌர்ணமியோ தேதியில் நிற்பதில்லை, ஏறக்குறைய இருபத்தொன்பதரை நாளுக்கு ஒருமுறை நகர்ந்துகொண்டே போகும். 2026 மே மாதத்தில் முதல் தேதி ஒரு பௌர்ணமி, 31-ஆம் தேதி இன்னொன்று. அந்த மே மாதத்தை முந்தைய ஆண்டு மே மாதத்தோடு ஒப்பிட்டு வியாபாரம் வளர்ந்துவிட்டது என்று நினைப்பதில் அர்த்தமில்லை. செவ்வாயைச் செவ்வாயோடும், சித்ரா பௌர்ணமியைச் சித்ரா பௌர்ணமியோடும், கார்த்திகை தீபத்தைக் கார்த்திகை தீபத்தோடும்தான் வைத்துப் பார்க்க வேண்டும். கும்பகோணத்து லாட்ஜ்காரருக்கு இது முகூர்த்த நாள், ஊட்டிக்காரருக்குப் பள்ளி விடுமுறை.

கணக்கு எவ்வளவு சுத்தமாக இருந்தாலும், ரிஜிஸ்டரில் ஏறாத ரூம் எந்தச் சதவீதத்திலும் வராது. அதைப் பிடிக்க ரிசப்ஷனைக் கேட்டுப் பயனில்லை. காலையில் ரூம் சுத்தம் செய்பவர் எந்தெந்த ரூமில் விரிப்பு மாற்றினார் என்று நம்பர் போட்டு ஒரு துண்டுச் சீட்டு தரட்டும்; அதை ரிஜிஸ்டரோடு ஒப்பிடுங்கள். சீட்டில் பதின்மூன்று ரூம், ரிஜிஸ்டரில் விற்றது பதினொன்று, ஓசி ஒன்று என்றால் மிச்சமுள்ள ஒரு ரூம் யாருடையது என்று கேட்க வேண்டியதுதான். லாண்டரி பில்லில் உள்ள விரிப்பு எண்ணிக்கையும் வாரம் ஒருமுறை இதற்குச் சாட்சி சொல்லும்.

எழுத வேண்டியது அரைப்பக்கம்தான்: விற்ற ரூம், ஓசி, ரிப்பேர், காலை வாடகை, ரூம் வருமானம், மூன்று எண்கள், ஆன்லைனில் கைக்கு வந்தது. தேதிக்குப் பக்கத்தில் கிழமையையும், பௌர்ணமியோ முகூர்த்தமோ இருந்தால் அதையும் குறித்து வையுங்கள். அடுத்த வருஷம் வாடகை நிர்ணயிக்கும்போது முதலில் தேடுவது அந்தக் குறிப்பைத்தான்.