ராத்திரி ஆனா நெட் திணறுதா? தூங்கும் கேம் பெட்டியையும் சார்ஜில் கிடக்கும் போன்களையும் கவனிங்க!

சென்னை மேடவாக்கத்தில் ஒரு வீடு. மூத்த மகளுக்கு அமெரிக்க மருத்துவமனைகளுக்கான பில்லிங் வேலை. இரவு 8.30 மணிக்கு லேப்டாப்பைத் திறந்தால் காலை 5.30 மணிக்குத்தான் மூடுவார். வேலை வீட்டிலிருந்துதான். அதில் பாதி நேரம் போன் பேச்சு.

சில நாள்களாக நள்ளிரவு தாண்டியதும் அழைப்புகள் அறுந்துபோயின. எதிர்முனையில் இருப்பவர் பேசுவது இவருக்குத் துண்டு துண்டாகக் கேட்டது. தினமும் அல்ல, வாரத்தில் இரண்டு மூன்று இரவுகள். மேலாளர் இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டு, "சரியாகலைன்னா ஆபீசுக்கே வந்துடுங்க" என்றார். பின்னிரவில் தினமும் போய்வருவது அவருக்கு ஆகாத காரியம்.

இன்டர்நெட் நிறுவனத்துக்குப் புகார் போனது. ஊழியர் வந்தது பகல் 11 மணிக்கு. ஸ்பீடு டெஸ்ட் போட்டார். 50 எம்பிபிஎஸ் திட்டத்துக்கு 50 அப்படியே வந்தது. கிளம்பும்போது ஒரு கேள்வி கேட்டார். "அக்கா, ராத்திரி இந்த வைஃபைல வேற என்னென்ன ஓடுது?"

"எல்லாரும் தூங்கிடுவாங்கப்பா. நான் மட்டும்தான்."

"ஆளுங்க தூங்குவாங்கக்கா. பெட்டிங்க தூங்குமா?" என்று டிவிக்குக் கீழே இருந்த பிளேஸ்டேஷன் 5-ஐக் காட்டினார். அதில் ஆரஞ்சு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

ஆரஞ்சு விளக்கின் அர்த்தம்

அந்த விளக்கு எரிந்தால் பெட்டி அணைந்துவிட்டது என்று பொருள் இல்லை. அது 'ரெஸ்ட் மோடு'. திரை இருண்டிருக்கும், ஆனால் இன்டர்நெட் இணைப்பு இருக்கும். வீட்டில் இருக்கும் கேமுக்கு புது அப்டேட் வந்தால், தானாகவே இறக்கிக்கொள்ளும்.

தம்பி விளையாடும் கேமுக்கு 40 ஜிபி அப்டேட் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 50 எம்பிபிஎஸ் லைனை முழுசாக எடுத்துக்கொண்டாலும் அதை இறக்க ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகும். எக்ஸ்பாக்ஸ் வைத்திருப்பவர்களுக்கும் இதே கதைதான். இரவு 2 மணி முதல் 6 மணிக்குள் விழித்து அப்டேட் வேலையை முடித்துக்கொள்வது அதன் வழக்கம். ராத்திரி என்றால் வீடு சும்மா இருக்கும் என்பது இவற்றைச் செய்தவர்களின் கணக்கு. இந்த வீட்டிலோ ராத்திரிதான் ஆபீஸ் நேரம்.

போன் பேச்சுக்கு ஒரு எம்பிபிஎஸ்கூடத் தேவைப்படாது. அப்புறம் ஏன் அறுகிறது? டவுன்லோடு லைனை நிரப்பியதும், மிச்ச தகவல் எல்லாம் வரிசையில் நிற்கிறது. டோல்கேட்டில் இருபது லாரிகளுக்குப் பின்னால் ஆம்புலன்ஸ் மாட்டிக்கொண்ட மாதிரி, குரலும் அந்த வரிசையில் காத்திருக்கும். அப்டேட் அரை நொடி தாமதமானால் யாருக்கும் தெரியாது. குரல் தாமதமானால் பேச்சே உடையும்.

கண்டுபிடித்தது எப்படி?

அடுத்த முறை குரல் உடைந்த இரவு, லேப்டாப்பில் 'கமாண்ட் ப்ராம்ப்ட்' திறந்து இதை டைப் செய்தார்.

```
ping -t 8.8.8.8
```

ஒவ்வொரு வரியிலும் `time=` என்று ஒரு எண் வரும். ஒரு தகவல் போய்த் திரும்ப எத்தனை மில்லி செகண்ட் ஆகிறது என்பது அது. பகலில் 12, 15 என்று இருந்த எண், அன்று 300-ஐத் தாண்டியது. நடுநடுவே `Request timed out` வேறு. எழுந்து போய் பிளேஸ்டேஷனின் நெட் கேபிளை உருவினார். இரண்டு மூன்று வரிகளில் எண் 14-க்கு இறங்கியது.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒவ்வொரு கருவியாக நிறுத்திப் பார்க்கலாம். எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, லேப்டாப்பை கேபிளில் ரவுட்டரோடு இணைத்த பிறகும் எண் இறங்கவில்லை என்றால், தவறு பெரும்பாலும் வீட்டுக்கு வெளியே. அப்போது புகார் கொடுப்பதுதான் வழி.

வீட்டுக்கு எது ஓய்வு நேரம்?

காலை 10 முதல் மாலை 4 வரை மகள் தூங்குகிறார், தம்பி கல்லூரியில். லைன் சும்மா கிடப்பது அப்போதுதான். அப்டேட்டை அங்கே தள்ள முடிவெடுத்தார்கள்.

பிளேஸ்டேஷன் 5-ல் 'இத்தனை மணிக்கு இறக்கு' என்று சொல்லும் வசதி இல்லை. அதனால் `Settings` > `Saved Data and Game/App Settings` > `Automatic Updates` போய் `Auto-Download`-ஐ அணைத்தார்கள். இனி தம்பி கல்லூரிக்குக் கிளம்பும் முன், கேமின் மேல் நின்று ஆப்ஷன்ஸ் பட்டனை அழுத்தி, `Check for Update` கொடுத்து, பெட்டியை ரெஸ்ட் மோடில் போட வேண்டும். மதியத்துக்குள் வேலை முடிந்துவிடும். ரெஸ்ட் மோடுக்கான `Stay Connected to the Internet` என்பதை மட்டும் அணைக்கக் கூடாது. அணைத்தால் பகலிலும் இறங்காது.

சார்ஜர்தான் சாவி

அடுத்த வாரம் வேறு மாதிரி சிக்கல். மகளுக்கு எல்லாம் நன்றாகக் கேட்டது. அவர் பேசுவதுதான் எதிர்முனைக்கு உடைந்தது. நமக்கு வருவது உடைந்தால் டவுன்லோடு பக்கம் நெருக்கடி, நாம் பேசுவது உடைந்தால் பெரும்பாலும் அப்லோடு பக்கம். அன்று குடும்பமே ஒரு கல்யாணத்துக்குப் போய்வந்திருந்தது. அம்மாவும் அப்பாவும் எடுத்த வீடியோக்கள் எல்லாம் மேலே ஏறிக்கொண்டிருந்தன.

ஐபோனின் ஐகிளவுட் பேக்கப், போன் சார்ஜில், லாக் ஆகி, வைஃபையில் இருக்கும்போது தானாக நடக்கும். ஆண்ட்ராய்டில் பிளே ஸ்டோர் அப்டேட்டுகளும் பெரும்பாலும் போன் சார்ஜில் சும்மா கிடக்கும் நேரத்தைப் பார்த்துத்தான் வரும். ராத்திரி தலைமாட்டில் சார்ஜில் போடும் பழக்கம்தான் இவற்றைக் கிளப்பிவிடுகிறது. அம்மாவும் அப்பாவும் இப்போது காலை டிபன் முடிந்ததும் சார்ஜ் போடுகிறார்கள்.

கூகுள் போட்டோஸ் மட்டும் சார்ஜருக்காகக் காத்திருக்காது. விசேஷத்துக்குப் போய்வந்த நாளில் அதில் `Backup`-ஐ அணைத்துவிட்டு, காலையில் போட்டுவிட வேண்டும். ஐபோனில் வீட்டு வைஃபையைத் தொட்டு `Low Data Mode` போட்டால், தானியங்கி அப்டேட்டும் பின்னணி வேலைகளும் நின்றிருக்கும்.

ஒரு எச்சரிக்கை. போன் அப்டேட்டில் பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். தள்ளிப்போடலாம், அடியோடு நிறுத்தக் கூடாது. இந்த வீட்டில் ஞாயிறு காலை என்று வைத்துக்கொண்டார்கள். மகளுக்கு அன்று விடுமுறை.

மறந்துபோனால்?

தம்பிக்கு மறதி உண்டு. ராத்திரி தானே டவுன்லோடு போட்டுவிட்டுத் தூங்கிவிடுவான். அதற்கும் ஒரு பூட்டு தேடினார்கள். சில ரவுட்டர்களில் `Bandwidth Control` அல்லது `QoS` என்று ஒரு பகுதி இருக்கும். அங்கே பிளேஸ்டேஷனுக்கு 20 எம்பிபிஎஸ்தான் என்று வரம்பு வைத்தார்கள். 40 ஜிபி இறங்க இனி நாலரை மணி நேரம் ஆகும். மீதி 30 எம்பிபிஎஸ் காலியாக இருப்பதால் குரல் வரிசையில் நிற்காது. நிறுவனம் தரும் எல்லா ரவுட்டரிலும் இந்த வசதி இருக்காது. இல்லாத வீட்டில் தூங்கும் முன் கேபிளை உருவிவைப்பதுதான் பூட்டு.

இப்போது மகள் இரவு 8.30 மணிக்கு லேப்டாப்பைத் திறக்கும் முன் டிவிக்குக் கீழே ஒரு பார்வை பார்க்கிறார். ஆரஞ்சு விளக்கு எரிந்தால் ஒரே குரல்தான். "டேய், எதையாவது போட்டு வெச்சிருக்கியா?"