ஆஃபர் வந்தாச்சு... மேனேஜர் யாரு?

கோடிங் ரவுண்டு, டெக்னிக்கல் ரவுண்டு எல்லாம் தாண்டி ஆஃபர் லெட்டர் மெயிலில் வந்துவிட்டது. பதவி ‘சாஃப்ட்வேர் இன்ஜினீயர்’. டீம் பெயர் ‘பிளாட்ஃபார்ம் ரிலையபிலிட்டி’. உங்களை இன்டர்வியூ செய்த மூணு பேருமே வேற டீம். இப்போ என்ன பண்ணுவீங்க பாஸ்?

பொதுவா ஆள் எடுத்துட்டு, அப்புறம் டீம் பிரிக்கும் கம்பெனிகளில் இது சகஜம். அதனால், ‘யெஸ்’ சொல்வதற்கு முன் அந்த டீம் மேனேஜரோடு இருபது நிமிஷம் பேசக் கேளுங்க. நேரா மேனேஜருக்கு மெயில் தட்டாதீங்க. ரெக்ரூட்டர் வழியாகப் போவதுதான் முறை. இருவருக்கும் நேரம் பார்த்துக் கொடுப்பது அவர் வேலை, கெடுவை நீட்டிக்கக் கேட்பதும் அவரிடம்தான்.

உதாரணத்துக்கு, வியாழக்கிழமை ஆஃபர் வருகிறது. புதன்கிழமை கடைசி நாள். வெள்ளி காலையிலேயே மெயில் போகணும். ஆஃபருக்கு நன்றி, முடிவெடுக்கும் முன் மேனேஜரிடம் இருபது நிமிஷம் பேச ஆசை, திங்கள் அல்லது செவ்வாய் மாலை எனக்கு வசதி, அதற்குள் முடியாவிட்டால் கெடுவை இரண்டு நாள் நீட்டிக்க முடியுமா? இந்த நாலு வரி போதும். ‘டீம் மேல சந்தேகம்’ என்கிற தொனி மட்டும் வேண்டாம்.

போனில் மூணு கேள்வி கேட்டாலே நிறைய தெரிஞ்சுடும். முதல் ஆறு மாசத்தில் நான் என்ன வேலை செய்வேன்? இந்த இடம் ஏன் காலியாச்சு? என் கோடை யார் ரிவ்யூ செய்வாங்க? இந்த டீமில் இன்னொன்றும் கேட்கணும். ரிலையபிலிட்டி என்றால் சர்வர் படுத்தால் எழுப்பிவிடும் வேலை. ராத்திரி ரெண்டு மணிக்கும் போன் வரலாம். ஆறு பேர் டீம் என்றால், ஆறு வாரத்துக்கு ஒரு வாரம் உங்க முறை. ரெண்டே பேர் என்றால், மாசத்தில் பாதி நாள்! புதுசா வர்றவங்களுக்கு அந்த முறை எப்போ ஆரம்பிக்கும் என்றும் கேட்டுக்கோங்க.

மேனேஜர் முதல் ஆறு மாச வேலையைத் தெளிவா சொன்னால் நல்ல அறிகுறி. ‘வந்ததும் பார்த்துக்கலாம்’ என்றே நழுவினால் யோசிங்க. ஷிஃப்ட், ஊர் பற்றி வாயால் சொன்னதை ரெக்ரூட்டரிடம் மெயிலில் உறுதி செய்யச் சொல்லுங்க.

ஒரு விஷயம்: நூற்றுக்கணக்கில் ஆள் எடுத்து, டிரெயினிங் முடிந்தபின் பிராஜெக்ட் தரும் கம்பெனிகளில் இந்தக் கோரிக்கை எடுபடாது. அங்கே மேனேஜரே இன்னும் முடிவாகியிருக்க மாட்டார். பிராஜெக்ட்டை எப்படி ஒதுக்குவாங்க, பிறகு மாற வழி இருக்கா என்று ரெக்ரூட்டரையே கேளுங்க.

‘முதல்ல அக்செப்ட் பண்ணுங்க, அப்புறம் பேசலாம்’ என்று பதில் வந்தால்? டீமில் வேறு யாரிடமாவது பத்து நிமிஷம் பேச முடியுமா என்று ஒருமுறை கேளுங்க. அதற்கும் ‘நோ’ என்றால், தெரியாத டீமுக்குத் தெரிந்தே போகிறோமா என்பதை நீங்கதான் முடிவு செய்யணும்.