சந்தா ஆட்டம் பாதியில் போனால் சேவ் என்ன ஆகும்?

கம்பத்தில் இருக்கும் சித்தி பையன் போன வாரம் போன் பண்ணினான். "அண்ணே, நான் ஆடிக்கிட்டிருக்க கேம்ல 'Leaving soon'னு போட்டிருக்கு. பாதிதான் முடிச்சிருக்கேன். எல்லாம் போயிருமா?" போகாது என்று சட்டென்று சொல்லிவிட்டேன். அப்புறம் யோசித்தால், அது பாதி உண்மைதான். முழு பதிலை இங்கே எழுதி வைக்கிறேன்.

எல்லாருக்கும் தெரிந்த ஓர் ஆட்டத்தையே எடுத்துக்கொள்வோம்: ஜிடிஏ 5. எக்ஸ்பாக்ஸ் கேம் பாஸில் இது 2020 ஜனவரியில் வந்து மே மாதம் போனது. 2021 ஏப்ரலில் திரும்பி வந்து ஆகஸ்டில் போனது. 2023 ஜூலையில் மறுபடி வந்து 2024 ஜனவரியில் கிளம்பியது. 2025 ஏப்ரலில் நாலாவது தடவையாக வந்தது. இதன் கதையை மட்டும் ஆடினாலே முப்பது மணி நேரம் ஓடும். வார இறுதியில் மட்டும் ஆடுபவர் நாலு மாதத்தில் பாதியில் நிற்பது சாதாரணம்.

அப்படி நிற்கும்போது மூன்று விஷயங்களைத் தனித்தனியாகப் பார்க்கணும்: உரிமம், ஆட்டத்தின் கோப்புகள், சேவ்.

கெடு தேதியில் போவது உரிமம் மட்டும்தான். ஆட்டத்தைத் திறந்தால் "Do you own this game or app?" என்று கேட்கும், அதோடு சரி. டிஸ்கில் இறங்கிய கோப்புகளை யாரும் அழிப்பதில்லை. சேவ் உங்கள் எக்ஸ்பாக்ஸ் கணக்கின் மேகக்கணியில் இருக்கும், சாதனைப் பட்டியலும் அப்படியே நிற்கும். திராட்சைத் தோட்டக் குத்தகை மாதிரிதான். குத்தகை முடிந்தால் உள்ளே போக முடியாது, ஆனால் கொடி அங்கேயேதான் நிற்கும்.

ஆகவே அதே ஆட்டத்தை அதே கடையில் விலைக்கு வாங்கினால், விட்ட மிஷனிலிருந்தே தொடரலாம். கோப்புகளை அழிக்காமல் வைத்திருந்தால் மறுபடி இறக்கவும் வேண்டாம். நூறு ஜிபி ஆட்டம் என்றால், பத்து எம்பிபிஎஸ் இணைப்பில் கிட்டத்தட்ட 22 மணி நேரம் மிச்சம். ஆட்டத்துக்குள் காசு கொடுத்து வாங்கிய கூடுதல் பொருட்களும் உங்கள் பேரிலேயே இருக்கும், ஆனால் மூல ஆட்டம் கைக்கு வரும்வரை அவற்றைத் தொட முடியாது.

சிக்கல் வருவது வேறு பதிப்புக்கு மாறும்போதுதான். ஜிடிஏ 5-இன் சீரிஸ் எக்ஸ்/எஸ் பதிப்பு 2022 மார்ச்சில் வந்தது. எக்ஸ்பாக்ஸ் ஒன் பதிப்பின் கதை சேவை அது தானாக எடுத்துக்கொள்ளாது. பழைய பதிப்பைத் திறந்து, அதன் மெனுவுக்குள் போய் நீங்களே பதிவேற்றணும். பிறகு புதிய பதிப்பில் இறக்கிக்கொள்ளணும். உரிமம் போனபின் பழைய பதிப்பு திறக்காது. சேவ் பத்திரமாகத்தான் இருக்கு, ஆனால் அதை வெளியே எடுக்கும் கதவு பூட்டிய வீட்டுக்குள் இருக்கு. அதனால் இந்த மாதிரி பெயர்ப்பு வேலையைக் கெடு தேதிக்கு முன்பே முடிக்கணும்.

கணினியில் ஆடுபவர்களுக்கும் இதே கதைதான். கடைப் பதிப்பின் சேவ் பெரும்பாலும் இங்கே இருக்கும்:

```
%LOCALAPPDATA%\Packages\<package>\SystemAppData\wgs
```

உள்ளே எண்ணும் எழுத்துமாக நீளப் பேர் கொண்ட கோப்புகள் இருக்கும். ஆட்டத்தை மூடி, மேகக்கணியோடு ஒத்திசைவு முடிந்தபின், மொத்த `wgs` கோப்புறையையும் நகல் எடுங்கள். கடைசியாக ஆடிய நேரமும் கோப்பின் தேதியும் பொருந்தினால் சரியான சேவ்தான். இதை ஸ்டீம் பதிப்புக்குக் கொண்டுபோவது ஆட்டத்துக்கு ஆட்டம் மாறும். சிலதில் கோப்பின் பேரை மாற்றி உரிய இடத்தில் வைத்தாலே போதும். சிலதில் உள்ளமைப்பே வேறு, எடுக்காது. ஆகவே ஸ்டீமில் தள்ளுபடி என்று பார்த்து வாங்குவதற்கு முன், அந்தக் குறிப்பிட்ட ஆட்டத்தில் சேவ் மாறுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் முதல் மிஷனிலிருந்து ஆரம்பிக்கணும்.

திரும்பி வரும் என்று காத்திருக்கலாமா? ஜிடிஏ 5-ஐ 2024 ஜனவரியில் பாதியில் விட்டவர் பதினைந்து மாதம் காத்திருந்தார். ஆனால் திரும்பி வருவது வெளியீட்டாளரின் புது ஒப்பந்தத்தைப் பொறுத்தது. சில ஆட்டங்கள் வரவே வராது.

தம்பிக்குக் கணக்குப் போட்டுச் சொன்னேன். கெடு இரண்டு வாரம், அவனுக்கு ஆட நாலு நாள், நாளுக்கு நாலு மணி நேரம், ஆகப் பதினாறு. மிச்சக் கதை பதினைந்து மணி நேரம். பக்க வேலைகளை விட்டுட்டு கதையை மட்டும் ஓட்டு. முடியலைன்னா அதே கடையில் சந்தாக்காரர்களுக்கான தள்ளுபடி, கேம் பாஸில் 20 சதவீதம் வரை கிடைப்பது மாதிரி, உனக்கும் இருக்கான்னு பார்த்து கெடுவுக்குள்ளே வாங்கு.

"அப்ப டெலீட் பண்ண வேண்டாமாண்ணே?"

வேண்டாம்டா. டிஸ்கில் இடம் இருக்கிறவரைக்கும் தொடாதே.