நெருங்கிய ஒருபொருட்சொற்கள்

நெருங்கிய ஒருபொருட்சொற்கள் என்பன ஏறத்தாழ ஒரே பொருளைத் தந்தாலும், எல்லாத் தொடர்களிலும் ஒன்றுக்குப் பதிலாக மற்றொன்று நிற்க இயலாத சொற்களாகும். ஆங்கிலத்தில் பெருமையைக் குறிக்கும் பிக், லார்ஜ், ஹியூஜ் ஆகிய மூன்று பெயரடைகளும் இதற்குப் பரவலாக அறியப்பட்ட எடுத்துக்காட்டு ஆகும். அகராதிகள் இம்மூன்றுக்கும் "பெரிய" என்றே பொருள் தருவதால், இவற்றின் வேறுபாடு தமிழ் வழியே ஆங்கிலம் கற்போருக்கு எளிதில் புலப்படுவதில்லை.

பொருட்புலம்

அளவு, நிறம், உறவுமுறை போன்ற ஒரு கருத்துப் பரப்பைத் தமக்குள் பங்கிட்டுக்கொள்ளும் சொற்களின் தொகுதி பொருட்புலம் எனப்படும். இக்கருத்தைச் செருமானிய மொழியியலாளர் யோசுட் திரியர் 1931 இல் வெளியிட்ட நூலில் விரிவாக வளர்த்தெடுத்தார். ஒரு சொல்லின் பொருள் அதே புலத்திலுள்ள அண்டைச் சொற்களால் வரையறுக்கப்படுகிறது என்பது இதன் அடிப்படை. எனவே லார்ஜ் என்பதன் பொருளை அறிய, பிக், ஹியூஜ் ஆகியவை எவ்விடங்களைப் பிடித்துள்ளன என்பதையும் பார்க்க வேண்டும்.

மூன்று சொற்களின் எல்லைகள்

பிக் என்பது பருப்பொருளின் அளவோடு நில்லாமல் முக்கியத்துவம், கடுமை, வயதில் மூப்பு ஆகியவற்றையும் குறிக்கும். "பிக் மிஸ்டேக்" என்றால் கடுமையான தவறு. "பிக் டே" என்றால் முக்கியமான நாள்.

லார்ஜ் பெரும்பாலும் அளவிடத்தக்க பரப்பு, கொள்ளளவு, தொகை, எண்ணிக்கை ஆகியவற்றோடு வரும். "எ லார்ஜ் நம்பர் ஆஃப் பீப்பிள்" என்பது மக்கள் பலர் என்னும் பொருளில் இயல்பான வழக்கு. "எ பிக் நம்பர்" என்றாலோ, பத்து இலட்சம் போன்ற மதிப்பு மிகுந்த எண் என்ற பொருளே முதலில் தோன்றும். வகைப்படுத்தும் பெயர்களிலும் லார்ஜ் வருகிறது. பெருங்குடலின் ஆங்கிலப் பெயர் "லார்ஜ் இன்டெஸ்டைன்" ஆகும். அது சிறுகுடலைவிட நீளத்தில் குறைந்தது. விட்டத்தில் அகன்றிருப்பதாலேயே இப்பெயர் பெற்றது. பெயரில் நிலைத்துவிட்ட இவ்வடையை நீக்கி வேறொன்றை இடுவது வழக்கிலில்லை. அவ்வாறே கால் பெருவிரல் "பிக் டோ" எனப்படுமேயன்றி "லார்ஜ் டோ" எனப்படாது.

ஹியூஜ் மிகுதியைத் தன்னுள்ளேயே கொண்ட சொல். ஆகவே "மிகவும்" எனப் பொருள்படும் வெரி என்னும் சொல் பிக், லார்ஜ் ஆகியவற்றின் முன் இயல்பாக வருவதுபோல் இதன் முன் வருவதில்லை. முழுமையை உணர்த்தும் அப்சலூட்லி என்னும் சொல்லே இதற்குப் பொருந்தும். தமிழில் "மிகப் பெரிய" என்பது இயல்பாகவும் "மிக மாபெரும்" என்பது மிகையாகவும் ஒலிப்பது இதற்கு ஒப்பானது.

பதிலீட்டுச் சோதனை

தொடரின் ஏனைய பகுதிகளை மாற்றாமல் ஒரு சொல்லை மட்டும் மாற்றி, தொடர் இயல்பாக உள்ளதா, பொருள் மாறுகிறதா என நோக்குவது பதிலீட்டுச் சோதனை ஆகும். "மை பிக் பிரதர் மேட் எ பிக் மிஸ்டேக்" (என் அண்ணன் பெருந்தவறு செய்தார்) என்னும் தொடரில் பிக் இருமுறை வருகிறது.

முதலாவது பிக் என்பதை லார்ஜ் ஆக்கினால் தொடர் பிழைபடாது. ஆனால் மூத்தவர் என்ற பொருள் மறைந்து, உடல் பருத்த சகோதரர் என்றாகிவிடும். ஹியூஜ் இட்டால் மலைபோன்ற உடலுடையவர் என்றாகும். இரண்டாவது இடத்தில் லார்ஜ் இயல்பாகப் பொருந்தாது, ஏனெனில் தவறு இங்கு கடுமையால் மதிப்பிடப்படுகிறது. ஆனால் அங்கு ஹியூஜ் நன்கு பொருந்தி, தவற்றின் கடுமையை மேலும் கூட்டும். ஒரே தொடரில் ஒரே சொல் இரு வேறு முடிவுகளைத் தருவதால், பதிலீடு சொல்லை மட்டுமன்றி, அச்சொல் அவ்விடத்தில் ஏற்கும் பொருளையும் பொறுத்தது என்பது தெளிவாகும்.

எதிர்ச்சொற்கள்

பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் மில்லர் தலைமையில் 1985 இல் தொடங்கப்பட்ட வேர்ட்நெட் என்னும் சொற்றரவுத்தளத்தை உருவாக்கியோர், எதிர்மறை உறவு பொருள்களுக்கு இடையே மட்டுமன்றிச் சொற்களுக்கு இடையேயும் அமைவதைச் சுட்டினர். ஆங்கிலம் பேசுவோர் பிக் என்பதற்கு லிட்டில் என்பதையும், லார்ஜ் என்பதற்கு ஸ்மால் என்பதையும் இணையாகக் கொள்வர். லார்ஜ், லிட்டில் ஆகியவற்றை நேர் எதிர்ச்சொற்களாக எளிதில் ஏற்பதில்லை.

வரம்புகள்

எல்லா இடங்களிலும் இவ்வேறுபாடு கடுமையானதன்று. வீட்டைக் குறிக்கையில் "பிக் ஹவுஸ்", "லார்ஜ் ஹவுஸ்" இரண்டும் சரியே. முன்னது பேச்சுவழக்கிலும் பின்னது முறைசார்ந்த எழுத்திலும் மிகுதியாக வரும். "வெரி ஹியூஜ்" என்பதும் பேச்சில் அரிதாகக் கேட்கப்படுவதுண்டு. ஆகவே ஐயம் எழும் இடத்தில் அகராதிப் பொருளை மட்டும் நம்பாமல், உரைத்தொகுப்புகளில் அச்சொல் எப்பெயர்ச்சொற்களோடு அடிக்கடி இணைந்து வருகிறது என நோக்குவதே உரிய வழியாகும்.